நடுவெண்களின் நடுவெண்: விடையாகாத ஓர் எண்ணின் பயன்



எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்து, சரியாக நடுவில் நிற்பதை எடு, அதுவே நடுவெண். தொடக்கப்பள்ளியில் நாம் இவ்வாறுதான் கற்பிக்கின்றோம். சராசரியைப் போல ஓரிரு பெரிய எண்கள் இழுக்கும் பக்கம் சாய்ந்துவிடாமல் நிற்பது நடுவெண்ணின் இயல்பு. மலேசியப் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் நாட்டின் குடும்ப மாத வருமானத்தின் சராசரி 8,479 ரிங்கிட். நடுவெண்ணோ 6,338 ரிங்கிட். பெருஞ்செல்வர்களின் வருமானம் சராசரியை உயர்த்திவிட்டது. பாதிக் குடும்பங்கள் 6,338 ரிங்கிட்டுக்குக் கீழே இருந்தன என்று நமக்குச் சொல்வது நடுவெண்தான்.

பெற்றோர் கூட்டம் ஒன்றில் இதை விளக்கிக் கொண்டிருந்தபோது, ஒரு தந்தை நல்லதொரு கேள்வியை எழுப்பினார். "சார், ஒவ்வொரு வகுப்புக்கும் நடுவெண் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. அந்த நடுவெண்களை மட்டும் எடுத்து, அவற்றின் நடுவெண்ணைப் பார்த்தால் பள்ளி முழுமைக்கும் நடுவெண் கிடைத்துவிடுமே? எல்லாப் பிள்ளைகளின் புள்ளிகளையும் மறுபடி ஏன் வரிசைப்படுத்த வேண்டும்?" என்றார்.

அப்படிக் கிடைப்பது பள்ளியின் நடுவெண் அன்று. மாநிலங்களின் நடு வருமானங்களை வைத்துக்கொண்டு நாட்டின் நடு வருமானத்தைச் சொல்லிவிட முடியாததும் இதே காரணத்தால்தான். ஆயினும் அந்தத் தந்தை சொன்ன எண் வீணான எண்ணும் அன்று. கணினி அறிவியலில் புகழ்பெற்ற ஒரு வழிமுறை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. விடையாகாத ஓர் எண் எவ்வாறு விடைக்கு வழிகாட்டுகிறது என்பதையே இக்கட்டுரையில் எழுத விரும்புகின்றேன்.

முதலில், நடுவெண்ணைக் காண எல்லாவற்றையும் வரிசைப்படுத்தத்தான் வேண்டுமா என்று பார்ப்போம். நம் ஆயர் ஈத்தாம் மண்பாண்டங்களுக்கும் பீங்கான் பொருள்களுக்கும் பேர்போன ஊர். ஒரு கடையில் பூச்சட்டிகள் நிறைய இருக்கின்றன. உயரத்தில் நடுவில் நிற்கும் சட்டி எது என்று காண வேண்டும். கையில் அளவுநாடா இல்லை. இரண்டிரண்டாக அருகில் வைத்து எது உயரம் என்று ஒப்பிடலாம், அவ்வளவே. ஏதேனும் ஒரு சட்டியை அளவுகோலாக எடுத்துக்கொள்கின்றோம். மற்ற ஒவ்வொன்றையும் அதனோடு ஒப்பிட்டு, குட்டையானவற்றை இடப்பக்கமும் உயரமானவற்றை வலப்பக்கமும் வைக்கின்றோம். இடப்பக்கம் 30, வலப்பக்கம் 70 என்று பிரிந்தால், நடுச்சட்டி வலப்பக்கக் குவியலில்தான் இருக்க வேண்டும். இடப்பக்கத்து 30ஐயும் அளவுகோல் சட்டியையும் ஒதுக்கிவிட்டு, வலப்பக்கத்தில் மட்டும் தேடலைத் தொடரலாம். ஒதுக்கிய 30 சட்டிகளுக்குள் எது முன், எது பின் என்று நாம் பார்க்கவே இல்லை. வரிசைப்படுத்துவதைவிட உழைப்பு குறைவது இங்கேதான். இம்முறையை ஆங்கிலேயக் கணினி அறிஞர் டோனி ஹோர் 1961இல் வெளியிட்டார்.

இம்முறையின் வலுவும் அளவுகோலில்தான், பலவீனமும் அளவுகோலில்தான். அளவுகோல் நடுப்பகுதியைச் சேர்ந்ததாக அமைந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பெருங்குவியல் ஒன்று ஒதுங்கும். ஓரத்தைச் சேர்ந்ததாக அமைந்துவிட்டால் ஒன்றே ஒன்றுதான் ஒதுங்கும். "பட்டியலில் முதலில் இருப்பதை அளவுகோலாக எடு" என்று விதி வைத்துக்கொண்டோம் எனக் கொள்வோம். 1,001 மாணவர்களின் புள்ளிகள் ஏற்கெனவே ஏறுவரிசையில் இருக்கின்றன. முதலில் இருப்பது மிகச் சிறிய எண். அதனோடு 1,000 ஒப்பீடுகள் செய்தும் அது ஒன்று மட்டுமே நீங்குகிறது. அடுத்த சுற்றில் 999, அதற்கடுத்து 998 என்று நீண்டு, 501ஆவது எண்ணாகிய நடுவெண்ணை எட்டும்போது 375,750 ஒப்பீடுகள் ஆகிவிடும். ஏற்கெனவே வரிசையில் இருக்கும் பட்டியல் அரிதான ஒன்றும் அன்று. பள்ளியில் நாம் தயாரிக்கும் பட்டியல்களில் பாதி அப்படித்தான் இருக்கின்றன.

இந்நோய் ஒரு கணினி நிரலில் உண்டா என்று அறிய எளிய சோதனை உண்டு. பட்டியலின் நீளத்தை இருமடங்காக்கிப் பாருங்கள். வேலையும் ஏறத்தாழ இருமடங்கானால் நலம். நான்கு மடங்கானால் அளவுகோல் சரியில்லை என்று பொருள். மேற்சொன்ன கணக்கில் 1,001ஐ 2,001 ஆக்கினால், ஒப்பீடுகள் 1,501,500 ஆகின்றன. ஏறத்தாழ நான்கு மடங்கு.

குலுக்கல் முறையில் அளவுகோலைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் நன்றாகவே அமையும். ஆனால் "பெரும்பாலும்" என்பது உறுதிமொழி ஆகாது. எந்தப் பட்டியல் வந்தாலும், எவ்வளவு கெட்ட வரிசையில் வந்தாலும், வேலை பட்டியலின் நீளத்துக்கு ஏற்ற அளவைத் தாண்டாது என்று உறுதி சொல்ல முடியுமா? முடியும் என்று 1973இல் ஐவர் நிறுவினர். மனுவேல் பிளம், ராபர்ட் ஃபிளாய்ட், வாகன் பிராட், ரொனால்டு ரிவெஸ்ட், ராபர்ட் டார்ஜன் என்பது அவர்கள் பெயர். அவர்களுள் நால்வர் பிற்காலத்தில் கணினி அறிவியலின் உயரிய விருதாகிய டூரிங் விருதை வெவ்வேறு ஆண்டுகளில் பெற்றனர். அவர்கள் அளவுகோலைத் தேர்ந்தெடுத்த வழி, அந்தத் தந்தை கேட்டதேதான்: சிறு குழுக்களாகப் பிரி, ஒவ்வொரு குழுவின் நடுவெண்ணையும் காண், அந்த நடுவெண்களின் நடுவெண்ணை எடு. அதை விடையாகக் கொள்ளாமல் அளவுகோலாகக் கொண்டார்கள் என்பதே வேறுபாடு.

25 மாணவர்களின் புள்ளிகளை வைத்துச் செய்து பார்ப்போம். ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் மட்டும் ஏறுவரிசையில் எழுதியிருக்கின்றேன்.

முதல் குழு: 35, 47, 62, 71, 88
இரண்டாம் குழு: 23, 40, 54, 66, 91
மூன்றாம் குழு: 30, 59, 78, 83, 95
நான்காம் குழு: 17, 38, 44, 52, 69
ஐந்தாம் குழு: 26, 57, 64, 73, 81

குழுக்களின் நடுவெண்கள் 62, 54, 78, 44, 64. அவற்றை வரிசைப்படுத்தினால் 44, 54, 62, 64, 78. நடுவில் நிற்பது 62. இதுவே நம் அளவுகோல்.

இனி ஒப்பிட வேண்டியவை எவை? 44உம் 54உம் 62ஐவிடச் சிறியவை. ஆகவே நான்காம் குழுவில் 44க்கு முன்னால் நிற்கும் 17, 38 ஆகியவையும், இரண்டாம் குழுவில் 54க்கு முன்னால் நிற்கும் 23, 40 ஆகியவையும் 62ஐவிடச் சிறியவையாகத்தான் இருக்க முடியும்; ஒப்பிடாமலே சொல்லிவிடலாம். முதல் குழுவில் 62க்கு முன்னால் நிற்கும் 35, 47 ஆகியவையும் அவ்வாறே. ஆக எட்டு எண்கள் சிறியவை என்பது உறுதி. இதே முறையில் மறுபக்கம் பார்த்தால் 71, 88, 64, 73, 81, 78, 83, 95 ஆகிய எட்டும் பெரியவை என்பது உறுதி. ஐயத்துக்கு உரியவை எஞ்சிய எட்டு மட்டுமே: 52, 69, 66, 91, 30, 59, 26, 57. இவற்றை 62உடன் ஒப்பிட்டால், 52, 30, 59, 26, 57 ஆகிய ஐந்தும் சிறியவை. 69, 66, 91 ஆகிய மூன்றும் பெரியவை.

ஆகவே 62க்குக் கீழே 13 எண்கள். மேலே 11 எண்கள். 62 வரிசையில் 14ஆவதாக நிற்கிறது. 25 எண்களின் நடுவெண் 13ஆவது எண் அல்லவா? எனவே 62ஐயும் அதற்கு மேற்பட்ட பதினொன்றையும் ஒதுக்கிவிட்டு, கீழே உள்ள 13 எண்களில் 13ஆவதை, அதாவது அவற்றுள் மிகப் பெரியதைத் தேடினால் போதும். அது 59. உண்மையான நடுவெண் 59. முழுப் பட்டியலையும் வரிசைப்படுத்திச் சரிபார்த்துக் கொள்ளலாம்.

அந்தத் தந்தையின் கேள்விக்கு விடை இங்கே கண்ணெதிரே நிற்கிறது. நடுவெண்களின் நடுவெண் 62. மொத்தத்தின் நடுவெண் 59. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் 62 நடுவைவிட்டு வெகுதூரம் போய்விடவும் இல்லை. இந்த 25 எண்களில் மட்டும் நேர்ந்த நற்பேறு அன்று அது. எந்த 25 வெவ்வேறு எண்களை எப்படிக் கலைத்து ஐந்து ஐந்தாகப் பிரித்தாலும், அளவுகோலுக்குக் கீழே குறைந்தது எட்டும், மேலே குறைந்தது எட்டும் இருந்தே தீரும். அதாவது அளவுகோல் 9ஆவது இடத்துக்கும் 17ஆவது இடத்துக்கும் இடையில்தான் நிற்கும். ஓரத்துக்குப் போக அதற்கு வழியே இல்லை.

பட்டியல் பெரிதானாலும் இதே நியாயம் செல்லும். குழுக்களில் ஏறத்தாழப் பாதிக் குழுக்களின் நடுவெண்கள் அளவுகோலுக்குக் கீழே இருக்கும். அத்தகைய குழு ஒவ்வொன்றிலும், நடுவெண்ணோடு சேர்த்து ஐந்தில் மூன்று எண்கள் கீழே இருக்கும். பாதியில் ஐந்தில் மூன்று பங்கு என்பது மொத்தத்தில் பத்தில் மூன்று பங்கு. மேற்பக்கமும் அவ்வாறே. ஆகவே ஒரு சுற்று முடிந்தால், எந்நிலையிலும் பத்தில் மூன்று பங்கு எண்களாவது ஒதுங்கிவிடும். மிஞ்சுவது பத்தில் ஏழு பங்குக்கு மேல் போகாது. ஐந்தால் மீதியின்றி வகுபடாத பட்டியல்களில் ஓரிரு எண்கள் கூடக் குறைய இருக்கும், நியாயம் மாறாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 1,000 எண்கள் இருந்தால் 200 குழுக்கள், 200 நடுவெண்கள். அவற்றின் நடுவெண்ணைக் காண்பதும் ஒரு வேலைதானே? ஆம். அதையும் இதே வழிமுறையால்தான் காண வேண்டும்: 200ஐ 40 குழுக்களாகப் பிரிக்க வேண்டும், அவ்வாறே தொடர வேண்டும். ஆகவே 1,000 எண்களின் வேலை இரண்டு சிறு வேலைகளை ஈன்றுவிடுகிறது. அளவுகோலைக் காண 200 எண்களில் ஒரு தேடல். பிறகு மிஞ்சிய, அதிகம் போனால் 700 எண்களில் ஒரு தேடல். இரண்டும் சேர்ந்தால் 900.

இந்த 900 என்னும் எண்ணில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. 1,000 எண்கள் 900 ஆகின. அவை அடுத்த நிலையில் 810க்கு மேல் போகா. அதற்கடுத்து 729க்கு மேல் போகா. 1,000 + 900 + 810 + 729 என்று எவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டே போனாலும் கூட்டுத்தொகை 10,000ஐத் தாண்டாது. மொத்த வேலை, முதல் சுற்று வேலையின் பத்து மடங்குக்குள் அடங்கிவிடுகிறது. பட்டியல் இருமடங்கானால் இந்த மேல்வரம்பும் இருமடங்குதான் ஆகும். நான்கு மடங்கு ஆகாது. நாம் தேடிய உறுதிமொழி இதுவே.

ஏன் ஐந்து? மூன்று மூன்றாகப் பிரித்தால் என்ன என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று மூன்றாகப் பிரித்தால் நடுவெண்கள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. உறுதியாக ஒதுங்குவதும் மூன்றில் ஒரு பங்கு. மிஞ்சக்கூடியது மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு சிறு வேலைகளையும் கூட்டினால் முழுதாக ஒன்று வந்துவிடுகிறது. 1,000 எண்கள் மீண்டும் 1,000 ஆகவே நிற்கின்றன, தேய்வே இல்லை. நம் உறுதிமொழியும் கைநழுவிப் போகிறது. ஏழு ஏழாகப் பிரித்தால் ஏழில் ஒரு பங்கும் ஏழில் ஐந்து பங்கும் சேர்ந்து ஏழில் ஆறு பங்கு. ஒன்றுக்குக் குறைவு, ஆகவே செல்லும். ஒற்றைப்படை எண்களில் இந்தக் கணக்குக்கு ஒத்துவரும் மிகச் சிறிய எண் ஐந்து.

ஒரு குழியையும் சுட்டிக்காட்ட வேண்டும். மேலே எல்லா எண்களும் வெவ்வேறு என்று கொண்டோம். பள்ளிப் புள்ளிகளோ அப்படி இரா. பதினைந்து பேர் 80 புள்ளி பெற்றிருப்பர். "சிறியது ஒரு பக்கம், மற்றவை எல்லாம் மறுபக்கம்" என்று இரண்டே குவியல்களாகப் பிரித்தால், அளவுகோலுக்குச் சமமானவை யாவும் ஒரே பக்கம் சேர்ந்து, ஒன்றும் ஒதுங்காமல் போய்விடும். சிறியவை, சமமானவை, பெரியவை என்று மூன்று குவியல்களாகப் பிரிக்க வேண்டும். நாம் தேடும் இடம் நடுக்குவியலில் விழுந்தால், விடை கிடைத்துவிட்டது. வேலை அத்துடன் முடிந்தது. ஒரு நிரலைச் சோதிக்க விரும்புவோர் எல்லா எண்களும் ஒன்றாகவே இருக்கும் பட்டியலைக் கொடுத்துப் பார்க்கலாம். அங்கே அது தடுமாறினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இம்முறை எல்லா இடத்துக்கும் ஏற்றதா என்றால், இல்லை. ஒரு வகுப்பின் புள்ளிகளைக் கையால் கணக்கிடும்போது பேசாமல் வரிசைப்படுத்திவிடுவதே எளிது. கணினியிலும், ஒவ்வொரு சுற்றிலும் குழு பிரித்து நடுவெண் காணும் வேலை சுமையாகவே இருக்கும். சாதாரணப் பட்டியல்களில் குலுக்கி எடுத்த அளவுகோல் இதைவிட விரைவாக முடித்துவிடும். அதனால் டேவிட் மஸ்ஸர் என்பவர் 1997இல் இரண்டையும் இணைக்கும் வழியைச் சொன்னார். முதலில் எளிய அளவுகோலோடு தொடங்கு; குவியல் போதுமான வேகத்தில் குறைகிறதா என்று கண்காணி; குறையவில்லை என்றால் மட்டும், உறுதிமொழி உள்ள முறைக்கு மாறிக்கொள். பைத்தன் மொழியைப் பயன்படுத்துவோர் numpy தொகுப்பில் நடுவெண் காணும்போது உள்ளே நடப்பது இத்தகைய ஏற்பாடுதான். அங்கே நடுவெண்களின் நடுவெண் முன்வாசலில் நிற்பதில்லை. நிலைமை கெடும்போது கைகொடுக்கக் காத்திருக்கிறது.

வீட்டிலோ வகுப்பிலோ செய்து பார்க்க ஒரு பயிற்சியோடு முடிக்கின்றேன். 1 முதல் 25 வரை எழுதிய சீட்டுகளைக் கலைத்து, ஐந்து ஐந்தாகப் பிரித்து, நடுவெண்களின் நடுவெண்ணைக் காணச் சொல்லுங்கள். 1 முதல் 25 வரை எழுதியிருப்பதால், கிடைக்கும் எண்ணே வரிசையில் அதன் இடமும் ஆகும். உண்மையான நடுவெண் 13 என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும். பிறகு ஒரு சவால் விடுங்கள்: கலைக்காமல், வேண்டுமென்றே தந்திரமாக அடுக்கி, 9ஐவிடச் சிறிய எண்ணை வரவழைக்க முடியுமா? பிள்ளைகள் 1, 2, 9 என்று ஒரு குழுவில் சிறியவற்றை அடுக்கி முயல்வார்கள். 9ஐ வரவழைத்துவிடும் குழந்தை உண்டு. 8ஐ வரவழைக்க முயலும்போதுதான், தனக்குக் கீழே எட்டுச் சீட்டுகள் வேண்டும் என்றும் ஏழுதான் கையில் இருக்கின்றன என்றும் அது தானே எண்ணிக் கண்டுகொள்ளும்.